திரை எவ்வளவு பிந்துகிறது? கைபேசிக் கேமராவால் ஓர் அளவீட்டுச் செயல்பாடு

பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகில் முறையான பிழை, ஒழுங்கற்ற பிழை என இரண்டையும் பிரித்துச் சொல்லித் தருகிறோம். ஆனால் சுழிப்பிழையைத் தாண்டி, முறையான பிழைக்கு மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்கும் எடுத்துக்காட்டு எளிதில் கிடைப்பதில்லை. பத்து முறை அளந்து சராசரி எடுத்துவிட்டால் எல்லாப் பிழையும் நீங்கிவிடும் என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இந்த எண்ணத்தைச் சோதிக்க எங்கள் வகுப்பில் செய்த செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன். ஒரு மடிக்கணினி, அதனோடு இணைத்த தொலைக்காட்சி, என் கைபேசி, திரையில் ஓடும் ஒரு நிறுத்துக் கடிகாரம், இவையே கருவிகள்.

இதைத் தொடங்கக் காரணம் ஒரு மாணவிக்கு வந்த சந்தேகம். அறிவியல் மன்றத்துக்காக மாணவர்கள் எதிர்வினை நேரத்தை அளக்கும் நிரல் ஒன்றைத் தயாரித்திருந்தார்கள். திரை பச்சையானதும் விசையை அழுத்த வேண்டும். பாதிப் பேர் மடிக்கணினித் திரையைப் பார்த்தும், மீதிப் பேர் 43 அங்குலத் தொலைக்காட்சியைப் பார்த்தும் அழுத்தினார்கள். தொலைக்காட்சியைப் பார்த்தவர்களின் நேரம் ஏறத்தாழ எல்லோருக்குமே கூடுதலாக வந்தது. அவர்களில் ஒருத்தி பள்ளிக் கபடி அணியில் விளையாடுபவள். "எனக்கு 361 மில்லி வினாடி ஆகுதுன்னா, நான் அவ்வளவு மந்தமா மேடம்?" என்று கேட்டாள். அளவுகோலை விடுவித்துப் பிடிக்கும் சோதனையில் அவள் 18 செ.மீ.-இல் பிடித்துவிட்டாள். `t = √(2h/g)` என்ற சமன்பாட்டில் இட்டால் அது 0.19 வினாடிதான். ஒரே ஆளுக்கு இரண்டு விடைகள் வந்ததால், கருவியை அளப்பதென்று முடிவு செய்தோம்.

எதை அளக்கிறோம்?

விசையை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையில் செல்லும் நேரத்தை உள்ளீட்டுத் தாமதம் என்கிறோம். இதில் விசைப்பலகை, கணினி, திரை ஆகிய மூன்றின் பங்கும் உண்டு. நாம் அளக்கப்போவது திரையின் பங்கை மட்டும்.

கணினி அனுப்பும் படத்தைத் தொலைக்காட்சி அப்படியே காட்டிவிடுவதில்லை. முதலில் படத்தை நினைவகத்தில் வாங்கி வைக்கிறது. பிறகு தன் திரை அளவுக்கு மாற்றுகிறது, புள்ளி இரைச்சலை நீக்குகிறது, நிறத்தைத் திருத்துகிறது. அசைவைச் சீராகக் காட்டும் வசதி இயங்கினால், இரண்டு படங்களுக்கு நடுவே புதிய படம் ஒன்றையும் உருவாக்கிச் சேர்க்கிறது. நடுப்படத்தை உருவாக்க வேண்டுமென்றால் அடுத்த படம் வந்துசேரும் வரை காத்திருந்துதான் ஆகவேண்டும். இந்தக் காத்திருப்புகளின் கூட்டுத்தொகையே திரையின் தாமதம். `Game Mode` என்ற அமைப்பு இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடுகிறது.

மானிட்டர் பெட்டியில் `1 ms` என்று அச்சிட்டிருப்பது வேறொரு அளவு. அது ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம். படம் எவ்வளவு பிந்தித் தொடங்குகிறது என்பதை அது சொல்வதில்லை.

ஒளிப்படம் எடுத்தால் போதாதா?

இரண்டு திரைகளிலும் ஒரே நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, எண்களைக் கழித்தால் விடை வந்துவிடும் என்று மாணவர்கள் முதலில் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதன் மீச்சிற்றளவு என்ன என்று கேட்டேன். கடிகாரம் ஆயிரத்தில் ஒரு வினாடி வரை காட்டுவதால் 1 மில்லி வினாடி என்றார்கள்.

திரையோ வினாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு படம் சுமார் 16.7 மில்லி வினாடி நிற்கிறது. திரையில் 4483 என்ற எண் வந்தால் அடுத்து வருவது 4500, அதற்கடுத்து 4517. நடுவில் உள்ள எண்கள் தோன்றுவதே இல்லை. ஆகவே ஒளிப்படத்தில் கிடைக்கும் வேறுபாடு 0, 17, 33, 50 என்று 16.7-இன் மடங்காகவே இருக்கும். உண்மைத் தாமதம் 20 மில்லி வினாடியாக இருந்தால் சில படங்களில் 17 என்றும் சில படங்களில் 33 என்றும் வரும். கடிகாரத்தில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்பதைக் கொண்டு மீச்சிற்றளவைச் சொல்லிவிட முடியாது என்பது இங்கே தெளிவாகிறது.

மெதுவியக்கக் காணொளி வேறு வழியில் வேலை செய்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு திரைகளிலும் உள்ள எண்களை இங்கே ஒப்பிடுவதில்லை. ஒரே எண் முதல் திரையில் தோன்றிய பிறகு, இரண்டாம் திரையில் தோன்ற எத்தனை கேமரா ஃபிரேம்கள் ஆகின்றன என்று எண்ணுகிறோம். கேமரா வினாடிக்கு 240 ஃபிரேம் எடுத்தால், ஒரு ஃபிரேம் 1000 ÷ 240 = 4.17 மில்லி வினாடி. கடிகாரம் இங்கே நேரத்தைச் சொல்லும் கருவியாக இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் ஒட்டிய பெயர்ச்சீட்டாக இருக்கிறது. நேரத்தை அளப்பது கேமராதான்.

நிறுத்துக் கடிகாரம்

இணையத்தில் கிடைக்கும் கடிகாரங்களில் ஒரே இடத்தில் எண்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய எண்ணின் சாயலும் புதிய எண்ணும் கலந்து 3 எது 8 எது என்று தெரியாமல் போகும். அதனால் எண்கள் நான்கு இடங்களில் மாறி மாறித் தோன்றும்படி சிறிய நிரல் ஒன்றை எழுதினோம். ஒவ்வோர் எண்ணும் தன் இடத்தில் நான்கு திரைப் படங்களின் நேரம் நிற்பதால் நிதானமாகப் படிக்கலாம். இதை நோட்பேடில் தட்டச்சு செய்து `stopwatch.html` என்ற பெயரில் சேமித்து, உலாவியில் திறந்தால் போதும். இணைய இணைப்பு தேவையில்லை.

```html
<body style="font:70px monospace">
<span id="a0"></span> <span id="a1"></span>
<span id="a2"></span> <span id="a3"></span>
<script>
let k = 0;
function f(t) {
  let s = String(Math.round(t) % 10000).padStart(4, "0");
  document.getElementById("a" + (k % 4)).textContent = s;
  k++;
  requestAnimationFrame(f);
}
requestAnimationFrame(f);
</script>
```

`requestAnimationFrame` என்ற கட்டளை, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை எழுதச் செய்கிறது.

செய்முறை

1. தொலைக்காட்சியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, `Win + P` அழுத்தி `Duplicate` என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இரண்டு திரைகளிலும் ஒரே காட்சி வரும்.

2. இரண்டு திரைகளின் புதுப்பிப்பு வீதமும் `60 Hz` ஆக இருக்கிறதா என்று கணினியின் திரை அமைப்புகளில் பார்க்கவும்.

3. மடிக்கணினியைத் தொலைக்காட்சிக்கு அருகில் மேசை மேல் உயர்த்தி வைத்து, இரண்டு திரைகளிலும் எண்கள் ஒரே உயரத்தில் அமையச் செய்யவும். கேமராவும் திரையும் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகக் கையாள்கின்றன. எண்கள் ஒரே உயரத்தில் இருந்தால் அந்த வேறுபாடு பெருமளவு கழிந்துவிடும்.

4. இரண்டு திரைகளின் ஒளிர்வையும் முழுமையாக வைக்கவும். ஒளிர்வைக் குறைத்தால் சில திரைகளின் பின்விளக்கு விட்டு விட்டு எரியும். காணொளியில் சில ஃபிரேம்கள் இருண்டுபோகும்.

5. கைபேசியைக் கிடைமட்டமாக, அசையாமல் நிறுத்தி வைத்து, 240 ஃபிரேம் மெதுவியக்கத்தில் மூன்று அல்லது நான்கு வினாடி பதிவு செய்யவும். சில கைபேசிகள் காணொளியின் தொடக்கத்தையும் முடிவையும் இயல்பு வேகத்தில் சேமிப்பதால், நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தவும்.

6. காணொளியைக் கணினிக்கு மாற்றி வி.எல்.சி. பிளேயரில் திறக்கவும். இடைநிறுத்தியபின் `E` விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு ஃபிரேம் நகரும்.

7. மடிக்கணினித் திரையில் ஓர் எண், எடுத்துக்காட்டாக 4517, முதன்முதலாகப் படிக்கும்படி தோன்றும் ஃபிரேமில் நிறுத்தவும். அதே 4517 தொலைக்காட்சியில் படிக்கும்படி தோன்றும் வரை எத்தனை முறை `E` அழுத்தினோம் என்று எண்ணவும். மங்கலாகத் தொடங்கும்போதே எண்ணுவதா, முழுக் கருமையானதும் எண்ணுவதா என்பதை முன்பே முடிவு செய்து, இரண்டு திரைகளுக்கும் ஒரே விதியைப் பின்பற்றவும்.

கைபேசி உண்மையிலேயே 240 ஃபிரேம் எடுக்கிறதா என்பதையும் இதே காணொளியில் சரிபார்க்கலாம். மடிக்கணினித் திரையில் 4000-க்கு அருகில் உள்ள ஓர் எண்ணிலிருந்து, அதைவிட 250 கூடுதலான எண் வரும் வரை ஃபிரேம்களை எண்ணினால் 60 வரவேண்டும். 30 வந்தால் அது 120 ஃபிரேம் கேமரா. அப்படியானால் மீச்சிற்றளவு 8.3 மில்லி வினாடி என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். சில கைபேசிகள் குறைவாகப் படமெடுத்து, இடையில் கற்பனைப் படங்களைச் செருகுவதும் உண்டு. விழும் சாக்குத் துண்டு ஒன்றைப் பதிவு செய்து பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமில் துண்டு இரண்டாகவோ சிதைந்தோ தெரிந்தால், அந்தக் கைபேசியின் எண்ணிக்கையை நம்ப முடியாது.

எங்கள் அளவீடு

தொலைக்காட்சியை வழக்கமான காட்சி அமைப்பில் வைத்து, பத்து வெவ்வேறு எண்களுக்கு எண்ணினோம். கிடைத்த கேமரா ஃபிரேம்கள்: 23, 24, 23, 24, 24, 23, 25, 24, 24, 23. கூடுதல் 237, சராசரி 23.7. இதை 4.17-ஆல் பெருக்கினால் 99 மில்லி வினாடி. சராசரி தனிப்பிழை 0.56 ஃபிரேம், அதாவது 2.3 மில்லி வினாடி. இது மீச்சிற்றளவைவிடச் சிறியது.

பிறகு `Game Mode`-க்கு மாற்றினோம். கிடைத்தவை: 5, 4, 5, 5, 4, 5, 5, 4, 5, 5. சராசரி 4.7 ஃபிரேம், அதாவது 20 மில்லி வினாடி. ரிமோட்டில் ஓர் அமைப்பை மாற்றியதால் மட்டும் 79 மில்லி வினாடி குறைந்தது.

இந்த 20-ஐ ஒளிப்பட முறையாலும் சரிபார்த்தோம். 20 ஒளிப்படங்களில் 16-இல் வேறுபாடு ஒரு திரைப் படம், 4-இல் இரண்டு திரைப் படங்கள். சராசரி 24 ÷ 20 = 1.2 திரைப் படம். 1.2 × 16.7 = 20 மில்லி வினாடி. தனித்தனியே எந்த ஒளிப்படமும் 20 என்று காட்டவில்லை. ஆனால் எத்தனை படங்களில் கூடுதல், எத்தனை படங்களில் குறைவு என்ற விகிதத்துக்குள் அந்த விடை இருந்தது. ஒழுங்கற்ற முறையில் பல முறை அளந்து சராசரி எடுப்பது மீச்சிற்றளவைவிட நுட்பமான விடையைத் தரக்கூடும் என்பதை மாணவர்கள் இங்கே கண்டார்கள்.

சராசரியால் நீங்காத பிழை

பத்து அளவீடுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்ததும், விடை 99 ± 2 என்று எழுதத் தொடங்கினார்கள். அப்போது கேபிளைக் கழற்றி மீண்டும் செருகி, வழக்கமான காட்சி அமைப்பிலேயே அளக்கச் சொன்னேன். சராசரி 92 வந்தது. இன்னொரு முறை கழற்றிச் செருகியதும் 104. நான்காவது முறை 97. ஒவ்வொரு முறையும் பத்து அளவீடுகள் தமக்குள் ஒத்துப்போயின. ஆனால் சராசரிகள் ஒத்துப்போகவில்லை.

காரணம் இதுதான். கணினியின் இரண்டு வெளியீடுகளும் வினாடிக்கு 60 படம் அனுப்பினாலும், இரண்டும் ஒரே கணத்தில் படத்தைத் தொடங்கும் என்ற உறுதி இல்லை. ஒரே வேகத்தில் நடக்கும் இருவர், முன்பின்னாகக் காலடி வைப்பதைப் போன்றது இது. இந்த முன்பின் வேறுபாடு ஒரு திரைப் படத்தின் நேரம், அதாவது 16.7 மில்லி வினாடி வரை இருக்கலாம். இணைப்பு ஏற்படும்போது அது ஏதோ ஓர் அளவில் அமைந்துவிடுகிறது. அதே இணைப்பில் நூறு முறை அளந்தாலும் அந்த வேறுபாடு எல்லா அளவீட்டிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சராசரி அதை நீக்காது. முறையான பிழை என்பதன் பொருள் இதுவே.

இணைப்பையே மாற்றி மாற்றி அளந்தால், முறையான பிழை ஒழுங்கற்றதாக மாறி வெளியே தெரிகிறது. 99, 92, 104, 97 ஆகியவற்றின் சராசரி 98. அவை சராசரியிலிருந்து அதிகபட்சம் 6 விலகுகின்றன. எனவே 98 ± 6 மில்லி வினாடி என்று எழுதினோம். `Game Mode`-இல் கிடைத்த 20-ம் ஒரே இணைப்பில் எடுத்ததுதான். அதற்கும் இதே அளவு ஐயத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மானிட்டர்களை ஒப்பிடுபவர்கள் எச்.டி.எம்.ஐ. பிரிப்பான் ஒன்றைப் பயன்படுத்தி ஒரே சைகையை இரண்டுக்கும் அனுப்பினால், இந்தப் பிழை பெரிதும் நீங்கும்.

இன்னோர் அடையாளத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே காணொளிக்குள் எண்ணிக்கை 20, 21, 22, 23 என்று சீராக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போனால், இரண்டு திரைகளின் புதுப்பிப்பு வீதமும் சமமாக இல்லை என்று பொருள். ஒன்று `60 Hz`, மற்றது `59.94 Hz` என்று இருந்தால், ஏறத்தாழ 17 வினாடிகளில் ஒரு முழுத் திரைப் படம் அளவுக்கு விலகிவிடும்.

இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

நாம் அளந்தது தொலைக்காட்சியின் தாமதத்தை மட்டும் அன்று. தொலைக்காட்சி மடிக்கணினித் திரையைவிட எவ்வளவு பிந்துகிறது என்பதைத்தான். மடிக்கணினித் திரைக்கும் சிறு தாமதம் உண்டு. பள்ளியில் பழைய குழாய் வகை மானிட்டர் வேலை செய்யும் நிலையில் இருந்தால், வி.ஜி.ஏ. வழியாக அதை இணைத்து ஒப்பிடுவது சிறந்தது. அது படத்தைச் சேமித்து வைக்காமல், வரும் சைகையை வந்தபடியே வரைகிறது. அதனால் அதன் தாமதத்தைச் சுழியாகக் கொள்ளலாம்.

விசைப்பலகையும் நிரலும் எடுக்கும் நேரம் இரண்டு திரைகளுக்கும் பொது என்பதால் கழித்தலில் மறைந்துவிடுகிறது. மொத்த உள்ளீட்டுத் தாமதம் வேண்டுமென்றால், விசையை அழுத்தும் விரலையும் திரையையும் ஒரே காணொளியில் பதிவு செய்து, விசை அடியைத் தொட்ட ஃபிரேமிலிருந்து திரை மாறும் ஃபிரேம் வரை எண்ண வேண்டும்.

எங்கள் கேள்விக்கு இந்த ஒப்பீடே போதுமானதாக இருந்தது. அந்த மாணவியை மடிக்கணினித் திரையைப் பார்த்துப் பத்து முறை அழுத்தச் செய்தோம். சராசரி 268 மில்லி வினாடி. தொலைக்காட்சியில் அவளுக்கு வந்திருந்த 361-க்கும் இதற்கும் வேறுபாடு 93. மனிதரின் எதிர்வினை ஒவ்வொரு முறையும் மாறும் என்பதைக் கணக்கில் கொண்டால், 98 ± 6 என்ற எங்கள் அளவோடு இது நன்றாகவே பொருந்துகிறது. "அப்ப அந்த நூறு டிவியோடது" என்றாள். தொலைக்காட்சியில் எடுத்த அளவுகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, எல்லோரையும் மடிக்கணினியிலேயே மீண்டும் அளந்து கண்காட்சிக்கான அட்டவணையைத் தயாரித்தார்கள்.

அளவுகோல் சோதனையின் 190-க்கும் மடிக்கணினியின் 268-க்கும் இன்னும் இடைவெளி இருக்கிறது. விசைப்பலகை, கணினி, மடிக்கணினித் திரை ஆகியவற்றின் நேரம் அதில் அடங்கும். அளவுகோல் எப்போது விழும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பிடிப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எந்தப் பங்கு எவ்வளவு என்பதை விரலையும் திரையையும் சேர்த்துப் பதிவு செய்யும் முறையில் பிரித்தெடுக்க முடியும்.

மாணவர்களுக்கான வினாக்கள்

1. 120 ஃபிரேம் கேமராவில் ஓர் எண் 11 ஃபிரேம் பிந்தித் தோன்றுகிறது. தாமதம் எவ்வளவு? மீச்சிற்றளவு எவ்வளவு?

2. உண்மைத் தாமதம் 25 மில்லி வினாடி என்றால், 60 ஹெர்ட்ஸ் திரைகளை 40 ஒளிப்படம் எடுக்கும்போது ஏறத்தாழ எத்தனை படங்களில் வேறுபாடு ஒரு திரைப் படமாகவும், எத்தனையில் இரண்டாகவும் இருக்கும்?

3. ஒரே இணைப்பில் நூறு அளவீடு எடுப்பதற்குப் பதில், பத்து இணைப்புகளில் பத்துப் பத்து அளவீடுகள் எடுப்பது ஏன் மேலானது?

4. நுண்ணோக்கியின் நேரடிக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி ஒரு மாணவர் கண்ணாடித் தகட்டை நகர்த்துகிறார். 98 மில்லி வினாடித் தாமதம் அவர் கையின் அசைவை எப்படிப் பாதிக்கும்? `Game Mode`-இல் அதையே செய்து பார்த்து எழுதுக.